சாட்டில் அடித்த வாழ்த்து, மெயிலில் போன வாழ்த்து: ஒரு பதவி உயர்வுக் கடிதத்தின் நிகழ்வு ஆய்வு

பெங்களூருவில், ஓசூர் ரோடு பக்கம், வீட்டு உபயோகப் பொருட்களுக்கான வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்று. அதில் தமிழ்நாட்டிலிருந்து வரும் ஃபோன் கால்களை மட்டும் எடுக்கும் தமிழ் டெஸ்க். அதிலிருந்து ஒருவரை டீம் லீடர் ஆக்க, உள்ளுக்குள்ளேயே விண்ணப்பம் கேட்டு இன்டர்வியூ வைத்தார்கள். நான்கு பேர் விண்ணப்பித்தார்கள், ஒரு பெண் தேர்வானார். தேர்வாகாத மூவரில் ஒருவர் அவருக்கு அடுத்த சீட்டில் உட்காருபவர், இரண்டு மூன்று வயது இளையவர், இருவரும் ஒரே பேட்ச். அவரை எப்போதும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். பெயர்களை இங்கே விட்டுவிடுகிறோம். அக்கா, தம்பி என்றே வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மதியம் அறிவிப்பு மெயில் வந்ததும் தம்பி சாட்டில் அடித்தது இது:

“அக்காஆஆ!! கங்ராட்ஸ்ஸ்!! டீம் லீட் ஆயிட்டீங்க, செம்ம!! ஒரு வழியா குடுத்துட்டாங்க. நமக்குத்தான் லக் இல்ல. இனிமே நீங்கதான் பாஸ், ரோஸ்டர் போடும்போது நம்மள கொஞ்சம் பாத்துக்கோங்க. ட்ரீட் எப்போ? வித்யார்த்தி பவன் மசால் தோசைக்குக் கம்மியா ஒத்துக்க மாட்டோம். எங்கள மறந்துடாதீங்க!!”

நடுநடுவே எமோஜிகள். நல்லவேளையாக அனுப்புவதற்குள் கால் வந்துவிட்டது. பேசி முடித்துத் திரும்பிப் படித்தபோது அவருக்கே ஏதோ இடறியது. அதே டெஸ்க்கில் குவாலிட்டி பார்க்கும் மூத்தவர் ஒருவரிடம் காட்டினார். அனுப்பாத அந்தச் செய்தி திங்கட்கிழமைக்குள் ஒரு ஒழுங்கான மெயில் ஆனது எப்படி என்பதுதான் இந்த ஆய்வு.

முதல் வடிவத்தில் என்ன இருந்தது

இந்தச் செய்தியைப் பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். மூத்தவர் அதைச் செய்யவில்லை. வரி வரியாக எடுத்து, இதை வாங்கிப் படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பார்த்தார். வாழ்த்துக் கடிதத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. நன்றி சொல்வதைத் தவிர வேறு எந்த வேலையையும் அது வாங்குபவர் தலையில் வைக்கக் கூடாது.

‘ஒரு வழியா குடுத்துட்டாங்க’ என்பது நண்பர்களுக்குள் சகஜமான பேச்சு. ஆனால் அந்த வரியில் வேலை செய்தது நிர்வாகம். மனம் இரங்கி, தாமதமாக, கொடுத்தார்கள் என்று ஆகிறது. அக்கா செய்ததாக அதில் எதுவுமே இல்லை. போதாக்குறைக்கு, ‘முன்னாடியே குடுத்திருக்கணும்’ என்ற குறை ஒன்றும் உள்ளே இருக்கிறது. அதற்கு அக்கா ஆமாம் போட்டாலும் சிக்கல், இல்லை என்றாலும் சிக்கல்.

‘நமக்குத்தான் லக் இல்ல’ இன்னும் மோசம். தனக்கு அதிர்ஷ்டம் இல்லை என்பவர், எதிரில் இருப்பவருக்குக் கிடைத்ததும் அதிர்ஷ்டம்தான் என்று சொல்லிவிடுகிறார். அத்தோடு, சந்தோஷமாக இருக்க வேண்டிய நாளில் அக்கா இவரைத் தேற்ற வேண்டியதாகிறது. ‘அடுத்த தடவை உனக்குத்தான் தம்பி’ என்று எழுதியே தீர வேண்டும். அப்படி எழுதினால் அது ஒரு டீம் லீடர் எழுத்தில் கொடுத்த வாக்காகவும் படிக்கப்படும்.

ரோஸ்டர் வரிதான் உண்மையிலேயே ஆபத்தானது. இந்த மையத்தில் காலை ஏழு மணி ஷிஃப்ட்டும் இருக்கிறது, மதிய ஷிஃப்ட்டும் இருக்கிறது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி கேபில் வருபவர்களுக்கு ஏழு மணி ஷிஃப்ட் என்றால் விடியுமுன் எழுந்தாக வேண்டும். யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பதுதான் டெஸ்க்கில் நடக்கும் சண்டைகளில் பாதி. ரோஸ்டர் போடும் பொறுப்பு கைக்கு வந்த அன்றே ‘நம்மள பாத்துக்கோங்க’ என்று எழுத்தில் கேட்டால், அது விளையாட்டாகவே இருந்தாலும், பிறகு இவருக்கு நியாயமாகவே நல்ல ஷிஃப்ட் விழுந்தாலும் அக்காவுக்கு உறுத்தும். உறுத்தலுக்குப் பயந்து மோசமான ஷிஃப்ட்டே போட்டாலும் ஆச்சரியமில்லை.

ட்ரீட் கேட்பது தப்பே இல்லை. பதவி உயர்வு என்றால் ட்ரீட் கேட்பது வழக்கம், கேட்காமல் விட்டால்தான் ‘என்ன, கோபமா?’ என்பார்கள். அதை வாயால் கேட்க வேண்டும், காபி குடிக்கும் இடத்தில். வாழ்த்துக்குள் வைத்தால் வாழ்த்து பில் மாதிரி ஆகிவிடுகிறது. ‘மறந்துடாதீங்க’ என்பதும் அப்படித்தான். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னால் பாசம், மெயிலில் எழுதினால் சந்தேகம்.

இவ்வளவையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ‘அக்கா’, ‘கங்ராட்ஸ்’, ‘செம்ம’ மூன்றும்தான். கைவசம் இருக்கும் சொற்களை எவ்வளவு மெருகேற்றினாலும் இதிலிருந்து கடிதம் வராது. சரக்கு வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

சரக்கு தேடியது

அதற்குமுன், ஒரு வழுக்கலில் தம்பி விழுந்தார். சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அவரே எழுதிக்கொண்டுவந்த இரண்டாவது வடிவம்:

“மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு, தாங்கள் டீம் லீடராகப் பதவி உயர்வு பெற்றமை அறிந்து அளவில்லா மகிழ்ச்சி அடைகிறேன். தங்களின் கடின உழைப்புக்கும் அர்ப்பணிப்புக்கும் கிடைத்த சிறந்த அங்கீகாரம் இது. தாங்கள் மென்மேலும் பல உயர் பதவிகளை அடைந்து சிறப்புற வாழ்த்தி வணங்குகிறேன்.”

பிழை ஒன்றும் இல்லை. மரியாதையும் குறையவில்லை. ஆனால் நேற்றுவரை ‘அக்கா, அந்த சார்ஜரக் குடுங்க’ என்று கேட்டவர் இன்று ‘தாங்கள்’ என்றால் படிப்பவருக்கு முதலில் தோன்றுவது மரியாதை அல்ல, ‘இவனுக்கு நம் மேல் என்ன வருத்தம்?’ என்பதுதான். பழகிய உறவில் திடீரென்று மரியாதை ஏறினால் விலகல் என்றுதான் பொருள். வாழ்த்தி ‘வணங்குவது’ ஃப்ளெக்ஸ் பேனருக்குச் சரி.

மூத்தவர் ஒரே ஒரு சோதனை வைத்தார். ‘இதே கடிதத்தை அக்கவுன்ட்ஸில் போன மாதம் உயர்வு வாங்கினவருக்கு அனுப்பினால் ஒரு சொல்லாவது மாற்ற வேண்டுமா?’ டீம் லீடர் என்ற பதவியின் பெயரை மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது. யாருக்கும் பொருந்துகிற கடிதம் இவருக்கு எழுதியது ஆகாது. உழைப்பு, அர்ப்பணிப்பு, அங்கீகாரம் மூன்றும் சேர்ந்து வந்தாலே அந்தக் கடிதத்தை எழுதியவர் அந்த ஆளை நினைத்துக்கொண்டு எழுதவில்லை என்று தெரிந்துவிடும்.

பிறகு அவர் தம்பியிடம் கேட்டது: அக்கா செய்த வேலையில் உன் கண்ணால் பார்த்தது ஒன்று சொல், பிறர் சொல்லிக் கேட்டது வேண்டாம். அதனால் உன் வேலையில் என்ன மாறியது? திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு நீ என்ன செய்து கொடுக்க முடியும்?

தம்பி யோசிக்கவே இல்லை, 2023 டிசம்பர் என்றார். மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கிய வாரம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் என்று வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் தண்ணீரில் நிற்கும் கால்களாக வந்து குவிந்தன. டெஸ்க்கில் வழக்கமாகக் கேட்கும் வரிசை: பெயர், பில் நம்பர், மாடல் நம்பர், அப்புறம்தான் என்ன கோளாறு. வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது, பில் நம்பர் தேட அலமாரிப் பக்கம் ஒருவரை நடக்கவிடுவது எவ்வளவு விபரீதம் என்று அக்காவுக்கு ஒரு காலின் நடுவில் உறைத்திருக்கிறது. அந்தக் காலிலேயே வரிசையைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலில் கரண்ட்டைப் பற்றிக் கேட்டார். சாயங்காலத்துக்குள் அரைப் பக்கம் எழுதி குவாலிட்டியில் ஒப்புதல் வாங்கினார்: தண்ணீரில் கால் வைக்காமல் எட்ட முடிந்தால் மட்டும் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் எதையும் தொட வேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லச் சொல்லுங்கள், தண்ணீர் வடிந்த பிறகும் டெக்னீஷியன் பார்க்கும்வரை பிளக்கைச் செருக வேண்டாம், பில் நம்பரைக் கடைசியில் கேளுங்கள். மறுநாள் காலையிலிருந்து டெஸ்க் முழுக்க அந்தத் தாளைப் பார்த்துத்தான் பேசியது.

சொல்லி முடித்துவிட்டு, ‘அந்தத் தாள் இல்லன்னா நான் என்ன கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியல’ என்றார் தம்பி. கடிதத்துக்கான வரி அங்கேயே கிடைத்துவிட்டது.

மூன்றாவது வடிவம், அதில் செய்த திருத்தங்கள்

வெள்ள வாரத்தை வைத்து எழுதிய வடிவம் ஏறக்குறைய சரியாகவே வந்தது. ஆனாலும் மூன்று இடங்களில் கை வைக்க வேண்டியிருந்தது.

முதலாவது, ‘இந்தப் பொறுப்புக்கு உங்களைவிடத் தகுதியானவர் யாருமில்லை’ என்ற வரி. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் விண்ணப்பித்தவர்கள் நான்கு பேர், மற்ற இருவரும் அதே வரிசையில்தான் உட்காருகிறார்கள். மெயில் கைமாறும், திரையில் திறந்திருப்பதை யாராவது பார்ப்பார்கள். ஒருவரை உயர்த்தப் பிறரை ஒப்பிட்டால் அந்தப் பிறருக்குப் போய்ச் சேராமல் இருக்காது. அதுவும் அவர்கள் எல்லோரும் இனி அக்காவுக்குக் கீழே வேலை செய்யப்போகிறவர்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, ‘சரியான கைக்குத்தான் பொறுப்பு வந்திருக்கிறது’ என்று வைத்தார்கள். இதில் யாரையும் யாரோடும் நிறுத்தி அளக்கவில்லை.

இரண்டாவது, ‘அளவில்லா மகிழ்ச்சி’. மூத்தவர் நேராகவே கேட்டார்: ‘உனக்கு நிஜமாவே அவ்வளவு சந்தோஷமா?’ தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. வருத்தம் இருந்தது, இன்டர்வியூவுக்கு நன்றாகத் தயாராகிப் போயிருந்தார். அக்காவின் மேல் மரியாதையும் உண்மையாக இருந்தது. அப்படியென்றால் மரியாதையை எழுது, மகிழ்ச்சியின் அளவை எழுதாதே என்பதுதான் முடிவு. நம் பார்வையில் இந்த ஆய்வின் முக்கியமான இடம் இதுதான். கடிதத்தில் உண்மை தொனிக்க வேண்டுமானால் அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் எழுதுபவருக்கு உண்மையாக இருக்க வேண்டும். பெரிதாகச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. ஒரு பொய் வரி இருந்தால் அடுத்த சீட்டுக்காரருக்குத் தெரியாமல் போகாது, பிறகு பக்கத்திலிருக்கும் உண்மை வரிகளையும் அவர் நம்ப மாட்டார். முதல் செய்தியின் அந்தக் குதூகலமும் பாதி இந்த வருத்தத்தை மூடத்தான் வந்தது என்று தோன்றுகிறது. ஆச்சரியக்குறிகள் அத்தனை இருந்ததற்கு வேறு காரணம் தெரியவில்லை.

தானும் விண்ணப்பித்ததைக் குறிப்பிடலாமா என்பதில் இரண்டு கருத்து இருந்தது. விட்டுவிடலாம் என்பதும் சரியே, அது பெரும்பாலும் பாதுகாப்பான வழி. இங்கே அக்காவுக்கு அது தெரியும், அக்காவுக்குத் தெரியும் என்பது தம்பிக்கும் தெரியும். சொல்லாமல் விட்டால் இருவருக்கும் நடுவில் அது கிடந்துகொண்டே இருக்கும். எனவே ஒரே வரி, வருத்தமும் விளக்கமும் இல்லாமல். இவ்வளவு நெருக்கம் இல்லாதவர்களுக்கு நாம் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

மூன்றாவது, கடைசி வரி. ‘எந்த உதவி வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று இருந்தது. கேட்க நல்ல மனசுதான். ஆனால் எதையும் கேட்கலாம் என்று எழுதினால் யாரும் எதையும் கேட்பதில்லை. புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்கு மழைக்காலக் கால்களைப் பற்றிய பயிற்சி பாக்கி இருந்தது, அதைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இந்த மாதிரிச் சிறிய, எல்லை தெரிந்த வேலையாக இருக்க வேண்டும். ‘உங்களுக்குத் துணையாக டீமைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்பது மாதிரிப் போனால், கிடைக்காத பதவியில் பக்கவாட்டாக நுழைவதுபோல் ஆகிவிடும்.

போன மெயில் இதுதான்:

“பொருள்: டீம் லீடர் பொறுப்பு – வாழ்த்துகள்

வணக்கம் அக்கா,

டீம் லீடர் ஆனதற்கு வாழ்த்துகள். இந்தப் பொறுப்புக்கு நானும் விண்ணப்பித்திருந்தது உங்களுக்குத் தெரியும். அறிவிப்பைப் பார்த்ததும் எனக்கு டிசம்பர் வெள்ள வாரம்தான் நினைவுக்கு வந்தது. பில் நம்பருக்கு முன்னால் கரண்ட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நீங்கள் மாற்றி எழுதிய அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் அந்த வாரம் முழுக்க நான் பேசினேன். அது இல்லாவிட்டால் என்ன கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. சரியான கைக்குத்தான் பொறுப்பு வந்திருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த மூவருக்கும் மழைக்காலக் கால்கள் பற்றிய பயிற்சியை நான் எடுக்கத் தயார். உங்களுக்கு வசதிப்படும்போது சொல்லுங்கள்.

அன்புடன்”

கீழே அவர் பெயர். ‘அக்கா’ அப்படியே இருக்கிறது. ‘நீங்கள்’ இருக்கிறது, ‘தாங்கள்’ இல்லை. தூய தமிழுக்காகக் ‘கரண்ட்’டை ‘மின்சாரம்’ ஆக்கவில்லை, ஏனென்றால் அந்தத் தாளில் இருந்தது கரண்ட்தான். ‘உங்கள் சமயோசிதம்’ என்று குணத்தைப் பாராட்டாமல் ‘நீங்கள் மாற்றி எழுதிய அரைப் பக்கம்’ என்று செய்ததைச் சொன்னதில்தான் இந்தக் கடிதம் நிற்கிறது. குணத்தைப் புகழ்ந்தால் வாங்குபவர் அடக்கமாக மறுக்க வேண்டியிருக்கும். செய்த வேலையைச் சொன்னால் மறுக்க எதுவும் இல்லை.

அனுப்பியதில் கவனித்தவை

மெயில் அக்காவுக்கு மட்டும் போனது. மேனேஜரை சிசியில் போடலாமா என்று தம்பி கேட்டார், வேண்டாம் என்றார்கள். சிசியில் மேலதிகாரி இருந்தால் அது அக்காவுக்கு எழுதியதா, மேனேஜர் பார்க்க எழுதியதா என்ற கேள்வி வந்துவிடும். விண்ணப்பித்தது பற்றிய வரியும் அப்போது வேறு மாதிரிப் படிக்கப்படும்.

நேரமும் பார்த்தார்கள். அதிகாரபூர்வ அறிவிப்பு வருவதற்குமுன் காதில் விழுந்ததை வைத்து வாழ்த்தக் கூடாது, அறிவிப்பு வந்த பிறகு அடுத்த வேலை நாளைத் தாண்டக் கூடாது. இங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. அடுத்த வாரத்துக்கு ஷிஃப்ட் மாற்றிக் கேட்டு தம்பி கொடுத்திருந்த விண்ணப்பம் ஒன்று பழைய டீம் லீடரிடம் நிலுவையில் இருந்தது. அது புதிய டீம் லீடர் கைக்குப் போகும் நாளில் வாழ்த்தும் போனால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். பழையவரிடமே காலையில் முடிவு வாங்கிவிட்டு, மதியம் மெயிலை அனுப்பினார்.

டீம் குரூப்பில் தனியாக இரண்டே வரி: “டீம் லீடர் ஆனதற்கு வாழ்த்துகள் அக்கா. வெள்ள வாரத்தில் நீங்கள் எழுதிய கேள்வி வரிசை இன்னும் என் டெஸ்க்கில்தான் ஒட்டியிருக்கிறது.” மற்ற இரண்டு விண்ணப்பதாரர்களும் இருக்கும் இடம் என்பதால் விண்ணப்பம் பற்றிய வரி அங்கே வரவில்லை. பயிற்சி பற்றியும் வரவில்லை, அதைப் பொதுவில் சொன்னால் அக்கா அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும்.

பெங்களூரில் இந்த மாதிரி எழுதும்போது இன்னொன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களில் தமிழ் சரளமாகப் பேசி, கன்னடமும் ஆங்கிலமும் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தமிழ் மெயில் அனுப்பினால் படித்துச் சொல்ல இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கும், அந்தரங்கமான வரி அப்போது அந்தரங்கமாக இருக்காது. நேரில் போய்ச் சொல்வதே அவர்களுக்கு நல்லது. இங்கே டெஸ்க்கின் வேலையே தமிழில் என்பதால் அந்தக் கவலை இல்லை.

அக்கா அன்று மாலையே பதில் எழுதினார், சுருக்கமாக: நன்றி, அந்தத் தாளை யாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை, பயிற்சியை வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம். ‘லக்’ பற்றியோ ‘அடுத்த முறை’ பற்றியோ எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. ட்ரீட்டை அவரேதான் குரூப்பில் அறிவித்தார்.

எல்லோருக்கும் இப்படி ஒரு வெள்ள வாரம் கையில் இருக்காது. வேறு தளத்தில் உட்காருபவர், மீட்டிங்கில் மட்டும் பார்த்தவர் என்றால் அவர் செய்த எதையும் நேரில் பார்த்திருக்க மாட்டோம். அப்போது தேடிப்பிடித்துப் புகழ வேண்டாம். “சீனியர் மேனேஜர் ஆனதற்கு வாழ்த்துகள் சார். சர்வீஸ் டீமோடு வேலை செய்யும் எங்களுக்கும் இது நல்ல செய்தி. புதிய பொறுப்பு நன்றாக அமையட்டும்.” இந்த மூன்று வரியே போதும். அந்த உறவுக்கு இதற்கு மேல் எழுதினால்தான் மிகையாகத் தெரியும்.